நடைப்பாதையில் ஒரு மரம்: மலைவேம்பா, பெருமரமா?

பணி ஓய்வு பெற்ற ஆசிரியர், கோவை: தாவரவியல் பூங்கா காப்பாளர் அம்மா அவர்களுக்கு வணக்கம். காலை நடையில் குளக்கரையை ஒட்டி நிற்கும் ஓர் உயரமான மரத்தை மே மாதத்தில் நான்கு படங்கள் எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இலை வேப்பிலை போலவே இருக்கிறது, ஆனால் பல மடங்கு பெரிது. மலைவேம்பு என்று நினைக்கிறேன். சரிதானா?

வணக்கம் சார். இது பெருமரம். தாவரவியல் பெயர் ஐலாந்தஸ் எக்செல்சா. தீக்குச்சி மரம் என்று சொன்னால் பலருக்குத் தெரியும்.

முடிவைச் சொல்வது உங்கள் இரண்டாம் படம். கிளையோடு ஒட்டிய ஒரு முழு இலை அதில் விழுந்திருக்கிறது. நடுக்காம்பின் இருபுறமும் சிற்றிலைகள் நேராக அந்தக் காம்பிலேயே ஒட்டியிருக்கின்றன. மலைவேம்பில் அப்படி இருக்காது. நடுக்காம்பிலிருந்து முதலில் பக்கக்காம்புகள் பிரியும், சிற்றிலைகள் அவற்றின் மேல்தான் இருக்கும். சில இடங்களில் அந்தப் பக்கக்காம்பும் மறுபடி பிரியும்.

வேம்பு போல இருக்கிறது என்று நீங்கள் கண்டது சரியே. வேம்பிலும் சிற்றிலைகள் நடுக்காம்பிலேயே ஒட்டியிருக்கும், அவற்றின் அடிப்பகுதி ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கிக் கோணலாக இருக்கும். பெருமரத்திலும் அப்படித்தான். ஆனால் வேப்பிலையின் ஓரத்தில் பற்கள் நெருக்கமாக, ஒரே சீராக வரும். உங்கள் படத்தில் பற்கள் பெரியவை, ஒன்றுக்கொன்று அளவு மாறியவை. முழு இலை அரை மீட்டருக்கும் மேல் நீளம் இருக்கும் என்று பக்கத்தில் தெரியும் உங்கள் கையை வைத்துச் சொல்லலாம்.

முதல் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். உச்சியில் செம்பழுப்பாகத் தொங்குபவை வாடிய இலைகள் அல்ல, காய்கள். ஒவ்வொன்றும் சுமார் 5 செ.மீ. நீளத் தட்டையான பட்டை. இரு முனையும் கூர்ந்திருக்கும், நடுவில் ஒரே ஒரு விதை. காற்றில் சுழன்று போவதற்கான அமைப்பு அது. மலைவேம்பின் காய் சதைப்பற்றுள்ளது, முட்டை வடிவம், சுமார் 3 செ.மீ. இரண்டையும் அருகருகே வைத்தால் எவருக்கும் குழப்பம் வராது.

நான்காம் படத்தை மட்டும் ஒதுக்கிவிடுங்கள் சார். தரையில் கிடந்த அந்தச் சிற்றிலையின் ஓரத்தில் பல்லே இல்லை. அது பக்கத்தில் நிற்கும் புங்கனிலிருந்து விழுந்தது.

கல்லூரி மாணவி, மதுரை: மேடம், எங்கள் வளாக மரங்களைப் பட்டியலிடுகிறோம். ஒரு மரத்துக்கு எந்தெந்தப் படம் எடுத்தால் உங்களால் பெயர் சொல்ல முடியும்?

பெரும்பாலான கடிதங்களில் முழு மரமும் ஒரு பூவும்தான் இருக்கும். இலை கிளையில் சேரும் இடம் இருக்காது. அதுதான் முதலில் வேண்டும். இலைக்காம்பின் கக்கத்தில் ஒரு சிறு மொட்டு இருக்கும். சிற்றிலையின் அடியில் இருக்காது. அந்த மொட்டு தெரிந்தால்தான் எது முழு இலை, எது அதன் ஒரு துண்டு என்று சொல்ல முடியும். மலைவேம்பின் பக்கக்காம்பு ஒன்றைக் கிள்ளி எடுத்துப் படமெடுத்தால் அது ஒரு முழு வேப்பிலை போலவே இருக்கும். தவறு அதிகம் நடப்பது இங்கேதான்.

அதற்குப் பிறகு இலையின் பின்புறம், நெஞ்சளவு உயரத்தில் அடிமரப் பட்டை, காயோ பூவோ இருந்தால் அது, கடைசியாகத் தள்ளி நின்று முழு மரம். இலைக்கும் காய்க்கும் பக்கத்தில் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை வையுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கிவிடும், இலை ஓரத்தின் பற்கள் மங்கிப்போகும். ஆவணமாக அனுப்புங்கள். தேதியையும் இடத்தையும் தனியே எழுதுங்கள். பிப்ரவரியில் இலையில்லாமல் நிற்பதும் ஆகஸ்டில் இலையில்லாமல் நிற்பதும் ஒன்றல்ல.

நாற்றங்கால் நடத்துபவர், ஈரோடு: இவ்வளவு எதற்கு? இலையைக் கசக்கி மோந்தால் போதும். நாறினால் பெருமரம். பீநாறி என்று சும்மாவா பெயர் வைத்தார்கள்?

நாற்றம் உண்மைதான், கூடுதல் சான்றாக வைத்துக்கொள்ளலாம். அதை மட்டும் நம்பினால் இரண்டு சிக்கல். வாடிய இலையில் நாற்றம் குறைந்துவிடும். வேப்ப இனங்களின் கசந்த வாடையையும் பலர் நாற்றம் என்றே சொல்கிறார்கள். நாற்று வாங்க வருகிறவருக்குக் காட்ட உங்களிடம் வளர்ந்த இலையும் காயும் இருப்பதே நல்லது. முளைத்த நாற்றின் முதல் சில இலைகள் மரத்தின் முழு இலை போல இருக்காது. அதை வைத்து மலைவேம்பு என்று எண்ணி ஏக்கர் கணக்கில் நடக்கூடாது.

வாசகி, திருச்சி: அம்மா, கர்ப்பம் தரிக்க மலைவேம்புச் சாறு குடிக்கச் சொன்னார்கள். எங்கள் தெருவில் இருப்பதன் படம் அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள், பறித்துக்கொள்கிறேன்.

தயவுசெய்து வேண்டாம் அம்மா. நீங்கள் அனுப்பிய இலையில் பக்கக்காம்புகள் பிரிந்திருக்கின்றன, ஆகவே பெருமரம் இல்லை. ஆனால் மலைவேம்பின் நெருங்கிய உறவான மீலியா அசடராக் மரத்திலும் இலை இதே அமைப்புதான். தெருக்களிலும் பூங்காக்களிலும் ஊதாப்பூவுக்காக வளர்க்கிறார்கள். அதன் பழத்தில் நஞ்சு உண்டு. தின்றவர்களுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு, நடுக்கம் வந்திருக்கின்றன. வெறும் இலைப் படத்தை வைத்து இரண்டையும் பிரிக்க என்னால் முடியாது. மலைவேம்பு என்று உறுதியானாலும் அதைக் குடிக்கலாம் என்று நான் சொல்லமாட்டேன். மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள்.

ஓய்வு பெற்ற வனச்சரகர், மேட்டுப்பாளையம்: காயளவைச் சொல்லியிருக்கலாமே. அசடராக்கில் காய் உருண்டை, ஒன்றரை செ.மீ. தாண்டாது. மலைவேம்பான மீலியா டூபியாவில் அதற்கு இருமடங்கு. இன்னொன்று: இரண்டும் தனித்தனி இனமே இல்லை என்று எழுதியவர்களும் உண்டு.

நன்றி ஐயா, காயளவு நீங்கள் சொன்னபடியே. மரத்தில் காய் இருந்தால் அது போதும். பெயர் விஷயத்தில் வழக்கு இன்னும் தீரவில்லை. டூபியாவை அசடராக்கிலேயே சேர்த்தவர்களும் இருக்கிறார்கள், தனி இனமாக வைப்பவர்களும் இருக்கிறார்கள். ஒட்டுப்பலகைக்காக நடும் விவசாயிக்கு வேகமாக, நேராக வளரும் மரம்தான் தேவை. அவருக்காகவாவது நான் தனியாகவே எழுதுகிறேன்.

வாசகர், விழுப்புரம்: எங்கள் வீட்டு வேம்பில் நுனிக்கிளைகள் எல்லாம் தீய்ந்தது போலக் காய்ந்து நிற்கின்றன. வேரில் மருந்து ஊற்றலாமா?

கேள்வி வேறு மரத்தைப் பற்றியது, இருந்தாலும் சுருக்கமாகச் சொல்கிறேன். நுனி கருகுவது பூஞ்சையாலும் தேயிலைக் கொசு என்னும் சாறுண்ணிப் பூச்சியாலும் வரும். பெரும்பாலான மரங்கள் அடுத்த பருவத்தில் துளிர்த்துவிடும், ஆகவே வெட்டிவிடாதீர்கள். எட்டுகிற காய்ந்த நுனிகளை, பச்சை தெரியும் இடம்வரை நறுக்கி எரியுங்கள். வேரில் ஊற்றாதீர்கள்.

அதே ஆசிரியர், கோவை: மிக்க நன்றி அம்மா. அதே சாலையில் இதே இலையோடு இன்னொரு மரம் நிற்கிறது. அதில் ஒரு காயும் இல்லை. அதுவும் பெருமரம்தானா?

இருக்கலாம் சார். பெருமரத்தில் பெரும்பாலும் ஆண் மரம், பெண் மரம் தனித்தனி. ஆண் மரம் காய்க்காது. ஆனால் கருவேம்பு என்னும் கருகா பின்னாட்டாவின் இலையும் இப்படி ஒரே அடுக்கில், ஓரத்தில் பல்லோடு இருக்கும். நீங்கள் அனுப்பிய தூரப்படத்தில் பற்களின் வடிவம் தெரியவில்லை. பெருமரம் பூப்பது ஜனவரி முதல் மார்ச் வரை. அப்போது கீழே உதிர்ந்து கிடக்கும் பூக்களில் கொஞ்சம் நாணயத்தோடு வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். அதற்கு முன் இலை விழுந்த கிளை ஒன்று கைக்கு எட்டினால், காம்பு கழன்ற தழும்பையும் எடுங்கள். பெருமரத்தில் அது வெறுங்கண்ணுக்கே நன்றாகத் தெரியும் அளவு பெரியது.