பக்கத்து மனையில் மூன்று பேஸ்மென்ட்: டி-வாலா, செகன்ட் பைலா, எதைக் கவனிப்பது?

கேள்வி: எங்கள் வீட்டை ஒட்டிய மனையில் மூன்று அடுக்கு பேஸ்மென்ட் தோண்டப் போகிறார்கள். "டி-வால் போடுவோம், இல்லாவிட்டால் செகன்ட் பைல், டாப்-டவுனில் கட்டுவோம், கவலைப்படாதீர்கள்" என்கிறார் அங்குள்ள இன்ஜினியர். எங்களுடையது சென்னையில் மணல் தரை, கிணற்றில் 4 மீட்டரிலேயே தண்ணீர். கவலைப்பட வேண்டுமா?

பதில்:

இந்த இரண்டு சுவர்களும் சாய்ந்து விழுவது அபூர்வம். மணலும் தண்ணீரும் உள்ள இடத்தில் நான் முதலில் பார்ப்பது சுவரின் இணைப்புகளைத்தான். அங்கே ஒரு கை நுழையும் அளவு ஓட்டை இருந்தாலும், தண்ணீரோடு மணலும் குழிக்குள் ஓடிவரும். அந்த மணல் உங்கள் அஸ்திவாரத்துக்கு அடியில் இருந்துதான் வரும்.

டி-வால் என்பது குழி தோண்டுவதற்கு முன்பே தரைக்குள் வார்க்கப்படும் கான்கிரீட் சுவர். கிரேனில் தொங்கும் பெரிய கிராப் 60 அல்லது 80 செ.மீ அகலத்துக்கு, 5, 6 மீட்டர் நீளத்தில் ஒரு பள்ளம் எடுக்கும். பக்கங்கள் சரியாமல் இருக்கப் பள்ளத்தில் பென்டோனைட் என்ற களிமண் கரைசலை நிரப்பி வைப்பார்கள். கரைசல் மட்டம் எப்போதும் நிலத்தடி நீர் மட்டத்தைவிட ஒரு மீட்டராவது மேலே இருக்க வேண்டும். ஆழம் போனதும் கம்பிக் கூட்டை இறக்கி, ட்ரெமி பைப் வழியாக அடியிலிருந்து கான்கிரீட் ஊற்றுவார்கள். கான்கிரீட் ஏற ஏற பென்டோனைட் மேலே தள்ளப்பட்டு வெளியேறும். இப்படி ஒரு பேனல், அதை அடுத்து இன்னொன்று. பேனலும் பேனலும் சேரும் இடம்தான் இணைப்பு. முந்தைய பேனலின் முகத்தில் ஒட்டிய பென்டோனைட் களியைச் சுரண்டாமல் அடுத்ததை ஊற்றினால், அந்தக் களி அங்கேயே தங்கிவிடும். வருடக்கணக்கில் கசியும் பேஸ்மென்ட்கள் பலவற்றின் கதை இதுதான்.

செகன்ட் பைல் என்பது ஒன்றையொன்று வெட்டி நிற்கும் பைல்களால், அதாவது தரைக்குள் வார்க்கும் கான்கிரீட் தூண்களால் ஆன சுவர். முதலில் ஒன்றுவிட்டு ஒன்றாகக் கம்பியில்லாத பைல்களைப் போடுவார்கள். அவற்றின் கான்கிரீட் முழுதாக இறுகும் முன், இரு பக்கமும் கொஞ்சம் வெட்டிக்கொண்டு நடுவில் கம்பியுள்ள பைல் இறங்கும். சின்ன மனைக்கு இது வசதி. பென்டோனைட் தொட்டிகள் வைக்க இடம் தேட வேண்டாம், மெஷினும் சிறியது. ஆனால் டி-வாலில் 5 மீட்டருக்கு ஒரு இணைப்பு என்றால், இதில் முக்கால் மீட்டருக்கு ஒன்று.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 90 செ.மீ விட்டமுள்ள பைல்கள், 75 செ.மீ இடைவெளி. தரை மட்டத்தில் ஒன்றின் மேல் ஒன்று 15 செ.மீ ஏறியிருக்கும். பைல் 150-க்கு 1 என்ற அளவில் சாய அனுமதி என்று வையுங்கள். உங்கள் பக்கத்துக் குழி சுமார் 11 மீட்டர் ஆழம் வரும். அந்த ஆழத்தில் ஒரு பைல் 7 செ.மீக்குச் சற்று மேல் விலகலாம். அடுத்தது எதிர்ப்பக்கம் அதே அளவு விலகினால் 15 செ.மீ ஏற்றமும் போய்விடும். சுவர் அதற்கும் கீழே 18 மீட்டர் வரை போகிறது என்றால், அங்கே 9 செ.மீ இடைவெளியே திறந்துவிடலாம். இது மோசமான கணக்குதான், எல்லா இடத்திலும் நடக்காது. ஆனாலும் உங்கள் மண்ணுக்கு இந்த ஆழத்தில் என்னைக் கேட்டால் டி-வால்தான் சொல்வேன். செகன்ட் பைல்தான் என்றால், பைல் நேராக இறங்கியதற்கான அளவுப் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் டாப்-டவுன். சாதாரணமாகக் குழியை அடிவரை தோண்டி, இரும்பு ஸ்ட்ரட் கொடுத்துச் சுவரைத் தாங்கி, கீழிருந்து கட்டி வருவார்கள். டாப்-டவுனில் சுவர் முடிந்ததும், தூண் வரும் இடங்களில் பைல் துளையிட்டு, ஈரக் கான்கிரீட்டுக்குள் இரும்புத் தூணை இறக்குவார்கள். பிறகு தரை மட்டத்தில் மண்ணின் மேலேயே முதல் ஸ்லாபை வார்ப்பார்கள். மண் எடுக்க ஓரிரு பெரிய ஓட்டைகள் மட்டும் விடுவார்கள். அந்த ஸ்லாபுக்கு அடியில் சின்ன எக்ஸ்கவேட்டர் இறங்கி ஒரு மாடி ஆழத்துக்குத் தோண்டும். அங்கே அடுத்த ஸ்லாப், அதற்குக் கீழே இன்னொரு மாடி, கடைசியில் அடித்தளம். சென்னை மெட்ரோவின் பாதாள நிலையங்கள் பலவும் டி-வால் போட்டு இந்த வரிசையில் கட்டியவைதான்.

உங்களுக்கு இதில் என்ன லாபம்? ஒவ்வொரு கட்டத்திலும் சுவரைத் தாங்குவது கழற்ற வேண்டிய ஸ்ட்ரட் அல்ல, கட்டடத்தின் நிரந்தர ஸ்லாப். அது விறைப்பானது, ஆகவே சுவர் உள்பக்கம் வளைவதும், வெளியே தரை இறங்குவதும் குறையும். கட்டுபவருக்கும் லாபம் உண்டு, கீழே தோண்டும்போதே மேலே மாடி எழுப்பலாம். தண்ணீர் விஷயத்திலும் அந்த மாடிகளின் எடை உதவும். 4 மீட்டரில் நீர், 11 மீட்டரில் அடித்தளம் என்றால், ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 7 டன் மேல்நோக்கித் தள்ளும். ராஃப்ட் என்ற அடித்தள ஸ்லாப் ஒரு மீட்டர் கனம் இருந்தாலும், அதன் எடை இரண்டரை டன்தான். மேலே போதிய எடை வரும்வரை நிலத்தடி நீரை இறைக்கும் பம்பை நிறுத்த முடியாது. கரண்ட் போனால் ஓட்ட ஜெனரேட்டர் இருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

ஆனால் டாப்-டவுன் முறை, சுவரில் இருக்கும் ஓட்டையை அடைத்துவிடாது. ஜெர்மனியின் கொலோன் நகரில் 2009 மார்ச் 3-ம் தேதி நகர ஆவணக் காப்பகம் இடிந்து விழுந்தது. பக்கத்தில் சுரங்க ரயிலுக்காகத் தோண்டிய ஆழமான டி-வால் குழிதான் காரணம். பக்கத்துக் கட்டடங்களில் இருந்த இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். சுவரில் சில இடங்களில் கம்பி குறைவாகப் போட்டிருந்தது வெளியே வந்து பெரிய சர்ச்சையானது, ஆனால் விழுந்ததற்குக் காரணம் அது இல்லை. 2005-ல் ஒரு பேனல் தோண்டும்போது கிராப் ஒரு பெரிய கல்லில் மோதியிருக்கிறது. கல்லை முழுதாக எடுக்காமல் கான்கிரீட் ஊற்றியதால், அதன் அடியில் கான்கிரீட்டுக்குப் பதில் மண்ணே நின்றுவிட்டது. நான்கு வருடம் ஒன்றும் தெரியவில்லை. குழி ஆழமானபோது அந்த மண் அடைப்புப் பிய்த்துக்கொண்டு, தண்ணீரும் மண்ணுமாய் உள்ளே பாய்ந்தது. வேலையாட்கள் ஓடிவந்து எச்சரித்ததால் காப்பகத்தில் இருந்தவர்கள் வெளியேறிவிட்டார்கள்.

அதனால் நீங்கள் கவனிக்க வேண்டியது கசிவின் நிறம். சுவர் ஈரமாக இருப்பது, தெளிந்த நீர் சொட்டுவது எல்லாம் சகஜம், பாலியூரித்தேன் கிரவுட் என்ற அடைப்புக் கலவையை ஊசி போலச் செலுத்தி அடைப்பார்கள். கசிவு கலங்கி வந்தாலோ, அதன் அடியில் மணல் கூம்பு போலக் குவிந்தாலோ அன்றே தோண்டுவதை நிறுத்த வேண்டும். குழியின் உள்பக்கம் அந்த இடத்தில் மண்ணோ மணல் மூட்டையோ போட்டு அழுத்திவிட்டு, பிறகு வெளிப்பக்கம் கிரவுட் செய்வார்கள். குழிக்குள் உங்களை விடமாட்டார்கள் என்றால் உங்கள் கிணறு இருக்கிறது. வாரம் இருமுறை நூல் விட்டு அளந்து எழுதி வையுங்கள். கோடையின் மெதுவான இறக்கம் வேறு, அங்கே தோண்ட ஆரம்பித்ததும் திடீரென ஒரு மீட்டர் இறங்குவது வேறு. பின்னது நடந்தால் சுவரிலோ அதன் அடியிலோ தண்ணீர் போகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

வேலை தொடங்கும் முன் வீட்டில் ஏற்கெனவே உள்ள விரிசல்களை இரு தரப்பும் சேர்ந்து படமெடுத்துக் கையெழுத்திட்டு வையுங்கள். பெரிய விரிசல்களின் குறுக்கே, அவை அகலமாகிறதா என்று காட்டும் டெல்டேல் ஒட்டச் சொல்லுங்கள், ஒரு சாதாரணக் கண்ணாடித் துண்டை இரு பக்கமும் பசையால் ஒட்டினால்கூடப் போதும், சுவர் நகர்ந்தால் உடைந்துவிடும். பேஸ்மென்ட் சுவருக்குள் அதன் சாய்வை அளக்கும் இன்க்ளினோமீட்டர் குழாய் வைத்திருந்தால் ஒவ்வொரு ஸ்லாப் கட்டத்துக்கும் ரீடிங் எடுப்பார்கள், அதன் நகல் உங்களுக்கும் வர வேண்டும் என்று இப்போதே எழுத்தில் கேளுங்கள்.