ஸ்லிப்பில் 51, பேங்க்கில் 60: அமெரிக்க உணவகத்தில் டிப்ஸ் ஏறும் விதம்

ஸ்லிப்பில் 51.18 டாலர். போனில் வந்த மெசேஜிலும் அதேதான். மூன்றாம் நாள் பார்த்தால் 60.78 எடுத்திருக்கிறார்கள். டிப்ஸ் 9.60 என்று நான் எழுதியது உண்மைதான். ஆனால் அப்போது கார்டு என் பர்ஸுக்குத் திரும்பி வந்துவிட்டதே, எப்படி எடுத்தார்கள்? — எடிசன், நியூ ஜெர்சி

கார்டைச் செருகிய நேரத்தில் உங்கள் பணம் எங்கேயும் போகவில்லை. உணவகம் பேங்க்கிடம் கேட்டது ஒன்றே ஒன்று: “இவருக்கு 51.18 தாங்குமா?” பேங்க் “தாங்கும்” என்று சொல்லி, அந்தத் தொகையைத் தனியே நிறுத்திவைத்து, ஒரு ஒப்புதல் எண்ணைக் கொடுத்தது. நீங்கள் போனில் பார்த்த ‘பெண்டிங்’ அதுதான்.

அப்புறம் நீங்கள் டிப்ஸும் மொத்தமும் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனீர்கள். பரிமாறியவர் வேலை முடியும் நேரத்தில் ஸ்லிப்புகளை அடுக்கிவைத்துக்கொண்டு, ஒவ்வொரு பில்லாகக் கம்ப்யூட்டரில் திறந்து டிப்ஸ் தொகையைத் தட்டுவார். கடை சாத்தும்போது மேனேஜர் அன்றைய கார்டு பில்களின் மொத்தத் தொகுப்பான பேட்ச்சை மூடுவார். அப்போதுதான் அதே ஒப்புதல் எண்ணோடு 60.78 என்ற கடைசித் தொகை பேங்க்குக்குப் போகிறது. பேங்க் இரண்டையும் பொருத்திப் பார்த்து, பெண்டிங்கை எடுத்துவிட்டு, 60.78-ஐக் கணக்கில் ஏற்றும். இதற்கு ஒன்றிலிருந்து மூன்று வேலை நாள் ஆகும். கார்டு மறுபடி தேவைப்படுவதே இல்லை.

அண்ணா, இதில் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. எல்லா உணவகத்திலும் பேங்க் 20 சதவீதம் கூடுதலாகவே பிடித்துவைக்கும். அதனால்தான் இங்கே 20 சதவீதம் டிப்ஸ் என்ற வழக்கமே வந்தது. — சான் ஹோசே

பாதி சரி. 20 என்ற எண் இருக்கிறது, ஆனால் அது வேறு இடத்தில் இருக்கிறது. உணவகம் டிப்ஸோடு அனுப்பும் தொகை, முதலில் ஒப்புதல் வாங்கிய தொகையைவிட 20 சதவீதம் வரை கூடினால் புது ஒப்புதல் வேண்டாம் என்பது விசா நெடுநாளாக வைத்திருந்த விதி. எடிசன் நண்பரின் பில்லையே பாருங்கள்: சாப்பாடு 48, வரி 3.18. சாப்பாட்டுக்கு 20 சதவீதம் டிப்ஸ் என்றால் 9.60. ஒப்புதல் வாங்கியது வரியும் சேர்ந்த 51.18-க்கு என்பதால், ஏறியது 19 சதவீதத்துக்கும் குறைவு. வரம்புக்குள் அடங்கிவிட்டது.

எல்லா இடத்திலும் பேங்க் தானாகக் கூடுதலாகப் பிடிப்பதில்லை. சில உணவகங்களின் மெஷின் முதலிலேயே 20 சதவீதம் சேர்த்துக் கேட்கும். 50 டாலர் கிஃப்ட் கார்டில் 45 டாலர் பில்லைத் தேய்த்து, ‘டிக்ளைன்’ வந்து முழித்தவர்களை நான் கவுண்டரில் நின்ற காலத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். மெஷின் கேட்டது 54, கார்டில் இருந்தது 50.

டிப்ஸ் பழக்கம் இந்த விதியால் வந்ததா என்றால், இல்லை. கார்டு வருவதற்கு முன்பே டிப்ஸ் இருந்தது.

நான் 8 டாலர் எழுதினேன். 18 எடுத்திருக்கிறார்கள். திருட்டுதானே இது? பேங்க்கில் “இந்தச் செலவு என்னுடையது இல்லை” என்று போட்டுவிடட்டுமா? — அட்லாண்டா

அப்படிப் போடாதீர்கள் அக்கா. அது திருட்டுப் புகார். கார்டை முடக்கிப் புதுசு அனுப்புவார்கள். நீங்கள் சாப்பிட்டது உண்மை என்பதால் புகாரும் நிற்காது.

முதலில் உணவகத்துக்குப் போன் செய்யுங்கள். மாலை ஏழு மணிக்கு வேண்டாம், மூன்று மணிக்குச் செய்யுங்கள். தேதி, தொகை, கார்டின் கடைசி நான்கு எண் சொல்லி, கையெழுத்துப் போட்ட ஸ்லிப்பை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பெரும்பாலும் அங்கேயே முடிந்துவிடும். பேட்ச் மூடிவிட்டதால் பழைய தொகையைத் திருத்த முடியாது. 10 டாலர் ஸ்டேட்மெண்டில் தனிப் பதிவாகத் திரும்பி வரும். அது ஒரு வாரம் வரை இழுக்கலாம்.

அவர்கள் மசியாவிட்டால் பேங்க்கில் ‘தொகை தவறு’ என்ற வகையில் புகார் கொடுங்கள். கிரெடிட் கார்டு என்றால், தவறு இருக்கும் முதல் ஸ்டேட்மெண்ட் அனுப்பிய நாளிலிருந்து 60 நாள் அவகாசம். 1974-ஆம் ஆண்டுச் சட்டம் அது. உணவகம் அந்த ஸ்லிப்பைக் காட்டியாக வேண்டும். உங்கள் கையில் வாடிக்கையாளர் பிரதியின் போட்டோ இருந்தால் வேலை சுலபம். அதிலும் தொகையை எழுதிய பிறகு எடுத்த போட்டோவாக இருக்க வேண்டும். வெறும் பிரதியை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது.

எல்லாமே திருட்டு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் வேலை பார்த்த இடத்திலேயே, மேலே கொக்கி வைத்து 1 எழுதும் ஒருவரின் 11-ஐ 17 என்று ஏற்றிவிட்டோம். டாலர் அடையாளத்துக்கும் எண்ணுக்கும் நடுவில் இடம் விட்டால், அங்கே ஒரு 1 நுழைய வசதி. காசாக டிப்ஸ் கொடுத்தால் கட்டத்தைக் காலியாக விடாமல் ஒரு கோடு இழுத்து, மொத்தத்தையும் எழுதிவிடுங்கள்.

எனக்கு பெட்ரோல் பங்க்கில் இதே கொடுமை. 32 டாலருக்குப் போட்டேன், 100 பிடித்துவிட்டார்கள். — ஹூஸ்டன்

இது தலைகீழ் கதை. பங்க்கில் எவ்வளவு போடுவீர்கள் என்று தெரியாததால் கூடுதலாகப் பிடித்து, பின்னால் குறைப்பார்கள். உணவகத்தில் குறைவாகப் பிடித்து, பின்னால் கூட்டுவார்கள். டெபிட் கார்டில் கணக்கைத் துடைத்து வைத்திருப்பவர்களுக்கு இரண்டும் ஆபத்துதான். போனில் மீதி 55 என்று தெரிந்தாலும், அதில் டிப்ஸ் இன்னும் கழியவில்லை.

மகளைப் பார்க்க வந்திருக்கிறோம். இந்திய கார்டு. எஸ்எம்எஸ்ஸில் வந்த ரூபாய் ஒன்று, ஸ்டேட்மெண்டில் வேறு. டிப்ஸைக் கூட்டிப் பார்த்தாலும் இடிக்கிறது. பின் நம்பர்கூடக் கேட்கவில்லையே! — கோயம்புத்தூர், இப்போது டாலஸ்

ஐயா, உங்கள் கணக்கில் மூன்று மாற்றம் கலந்திருக்கிறது. டிப்ஸ் ஒன்று. இரண்டாவது டாலர் விலை: எஸ்எம்எஸ் வந்தது சாப்பிட்ட நாள் விலையில், கணக்கில் ஏறியது இரண்டு மூன்று நாள் கழித்து இருந்த விலையில். மூன்றாவது, வெளிநாட்டுச் செலவுக்கு உங்கள் பேங்க் போடும் மார்க்கப்பும் அதன் மேல் ஜிஎஸ்டியும். ஸ்டேட்மெண்டில் டாலர் தொகையும் போட்டிருந்தால் அதை மட்டும் ஸ்லிப்போடு ஒத்துப்பாருங்கள். அது சரி என்றால் உணவகத்தின் மேல் குற்றம் இல்லை.

நம் ஊரில் மெஷினை மேஜைக்கே கொண்டுவந்து, தொகையைக் காட்டி, பின் போடச் சொல்வார்கள். பின் போட்டால் தொகை அத்தோடு முடிந்தது. இங்கே உணவகங்களில் பின் கேட்காமலே ஓட்டுகிறார்கள், அதனால்தான் அப்புறம் தொகையைக் கூட்ட முடிகிறது.

என் மனைவி உணவகத்தில் பரிமாறுகிறார். நேற்று ஒரு மேஜையின் 14 டாலர் டிப்ஸை ஏற்ற மறந்துவிட்டார். பேட்ச் மூடிவிட்டது. போனது போனதுதானா? — ஆஸ்டின்

பேட்ச் இன்னும் போகாத நிலையில் மேனேஜரால் திறக்க முடியும். சில இடங்களில் விடிகாலையில் தானாக மூடும்படி வைத்திருப்பார்கள். போய்விட்டது என்றால் வாடிக்கையாளரிடம் 14 டாலர் குறைவாகவே எடுக்கப்படும். அவர் கவனிக்கவும் மாட்டார். அவரைக் கேட்காமல் அந்தக் கார்டில் புதிதாகப் பணம் எடுப்பது தவறு. முதலாளி தன் கையிலிருந்து கொடுப்பாரா என்பது முதலாளியைப் பொறுத்தது. டெக்சாஸில் டிப்ஸ் வாங்குபவர்களுக்கு மணிக்கு 2.13 டாலர் கொடுத்தாலே சட்டப்படி போதும். அந்தச் சம்பளத்தில் 14 டாலர் சின்னத் தொகை இல்லை. கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

டிப்ஸ் 10 என்று எழுதிவிட்டு, கூட்டலில் தப்பாக மொத்தம் குறைத்துப் போட்டுவிட்டேன். எதை எடுப்பார்கள்? — எடிசன், மறுபடியும் நான்தான்

நான் மேனேஜராக இருந்தபோது மொத்தத்தைத்தான் எடுப்பேன். நீங்கள் கையெழுத்துப் போட்டு ஒப்புக்கொண்ட தொகை அதுதானே. என்னோடு இருந்த இன்னொரு மேனேஜர், “டிப்ஸ் கட்டத்தில்தான் மனுஷன் மனசு தெரியும்” என்று 10-ஐயே ஏற்றுவார். இதில் எங்கள் இருவருக்கும் இன்றுவரை ஒத்துப்போகவில்லை.