ஒரே லேமினேட், மூன்று Tg: எதை நம்புவது?

கேள்வி: ஒரே கண்ணாடியிழை எபாக்ஸி லேமினேட். டிஎஸ்சி அறிக்கை Tg 123 டிகிரி என்கிறது, டிஎம்ஏ அறிக்கை 138 என்கிறது. ஏதாவது ஒரு கருவி தவறா? எதை எடுத்துக்கொள்வது?

பதில்:

இரண்டு கருவிகளும் சரியாகவே இருக்கலாம். Tg என்பது ரெசின் கண்ணாடி போன்ற விறைப்பிலிருந்து தளரும் வெப்பநிலை. டிஎஸ்சி அதை வெப்ப ஓட்டத்தின் மாற்றத்தில் பார்க்கிறது, டிஎம்ஏ விறைப்பின் மாற்றத்தில் பார்க்கிறது. டிஎம்ஏ அறிக்கையில் 138 என்ற எண்ணுக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். பெரும்பாலும் ‘டான் டெல்டா உச்சி’ என்றிருக்கும். அப்படியென்றால் அந்த 15 டிகிரி வித்தியாசத்தில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

பெங்களூரு பீன்யாவில் ஒரு சோதனைக்கூடத்தில் காம்போசிட் மாதிரிகளைச் சோதிப்பதுதான் என் வேலை. இதே குழப்பம் எங்களிடம் ஒரு தகராறாகவே வந்தது. அதை வைத்தே சொல்கிறேன்.

பேனல் செய்து கொடுத்தவர் தன் சான்றிதழில் Tg 138 என்று போட்டிருந்தார். பாகத்தின் வடிவமைப்பு வரைபடத்தில் கேட்டிருந்தது குறைந்தது 130. வாங்கியவர் வேறொரு கூடத்தில் சோதித்தார், 121 வந்தது. பேனல்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு தரப்பும் சேர்ந்து மூன்றாவதாக எங்களிடம் மாதிரியைக் கொடுத்தார்கள்.

டிஎம்ஏ என்ன செய்கிறது? லேமினேட்டிலிருந்து வெட்டிய ஒரு பட்டையை இரு முனைகளில் தாங்கி, நடுவில் விநாடிக்கு ஒரு முறை மிக மெல்லமாக வளைத்து விடுகிறது. அப்படியே சூட்டையும் ஏற்றிக்கொண்டு போகிறது. கொடுத்த ஆற்றலில் பட்டை வில் போல அப்படியே திருப்பித் தருகிற பங்கைக் காட்டுவது சேமிப்பு மாடுலஸ், E′. உள்ளுக்குள் உராய்ந்து வெப்பமாகப் போகிற பங்கைக் காட்டுவது இழப்பு மாடுலஸ், E″. இழப்பைச் சேமிப்பால் வகுத்தால் டான் டெல்டா:

```
tan δ = E″ / E′
```

ரெசினின் மூலக்கூறுச் சங்கிலிகள் உறைந்து கிடக்கும்வரை E′ உயரமாக, ஏறக்குறைய தட்டையாகப் போகும். சங்கிலிகள் அசையத் தொடங்கும்போது E′ சரியும். அந்த இடைப்பட்ட கட்டத்தில் அவை முழுதாக உறைந்தும் இல்லை, முழுதாகத் தளர்ந்தும் இல்லை. ஒவ்வொரு வளைவையும் பின்தொடர முயன்று பின்தங்கும். உராய்வு மிக அதிகமாக இருப்பது அப்போதுதான். ஆகவே E″ அங்கே ஓர் உச்சியைத் தொட்டு இறங்கும்.

எங்கள் ஓட்டத்தில் வந்த எண்கள் இவை. சூடாகாத நிலையில் E′ 20 கிகாபாஸ்கல். அது சரியத் தொடங்கும் இடம், அதாவது சரிவுக்கு முன் ஒன்றும் சரிவின் மேலேயே ஒன்றுமாக இரண்டு தொடுகோடுகள் வரைந்தால் அவை வெட்டும் இடம், 121 டிகிரி. E″ உச்சி 128-இல். டான் டெல்டா உச்சி 138-இல். இரண்டு தரப்பும் கொண்டுவந்த எண்கள் இரண்டும் ஒரே திரையில், ஒரே பட்டையிலிருந்து வந்தன.

டான் டெல்டா ஏன் கடைசியில் வருகிறது என்பதுதான் இதில் புரிந்துகொள்ள வேண்டிய இடம். 128 டிகிரியில் E″ 2.0, E′ 13. வகுத்தால் 0.15. பத்து டிகிரி தள்ளி 138-இல் E″ 1.7 ஆக இறங்கிவிட்டது. ஆனால் E′ அதைவிட வேகமாக 7.5-க்கு விழுந்துவிட்டது. வகுத்தால் 0.23. மேலே இருக்கும் எண் குறைந்த பிறகும், கீழே இருக்கும் எண் அதைவிட வேகமாகக் குறைவதால் விகிதம் ஏறிக்கொண்டே போகிறது. உச்சி பின்னால் தள்ளிப்போவது இந்த வகுத்தலின் விளைவு. அந்த வெப்பநிலையில் ரெசினுக்குள் புதிதாக எதுவும் தொடங்கவில்லை.

இதன் பொருளைக் கவனியுங்கள். டான் டெல்டா உச்சி வரும்போது பட்டையின் விறைப்பு 20-லிருந்து 7.5-க்கு வந்துவிட்டது. அறுபது விழுக்காட்டுக்கு மேல் போய்விட்டது. சுமை தாங்க வேண்டிய ஒரு பாகத்துக்கு 138 டிகிரி வரை தாங்கும் என்று அந்த எண்ணை எடுத்துக்கொள்வது ஆபத்து என்றே நான் கருதுகிறேன். காம்போசிட்டுகளுக்கான ASTM D7028 முறையும் E′ சரியத் தொடங்கும் இடத்தையே Tg என்று கொள்கிறது. ஓட்டமும் 1 ஹெர்ட்ஸில், நிமிடத்துக்கு 5 டிகிரி என்று நிர்ணயித்திருக்கிறது.

அதற்காக டான் டெல்டாவை ஒதுக்கிவிடச் சொல்லவில்லை. தொடுகோட்டை எங்கே வைப்பது என்பதில் இரண்டு பேர் கைக்கு இரண்டு மூன்று டிகிரி மாறும். E′-ஐ மடக்கை அச்சில் வரைந்தால் அதுவே இன்னும் மேலே தள்ளிப்போகும். உச்சியைப் படிப்பதில் அந்தத் தகராறு இல்லை. ஒரே ரெசின், ஒரே அடுக்கமைப்பு என்றால் இந்த மாதத் தொகுப்பையும் போன மாதத் தொகுப்பையும் ஒப்பிட அதைவிட வசதியானது கிடையாது. ஆனால் ஓட்டிய விதம் மாறினால் அந்த ஒப்பீடும் போச்சு. அதிர்வெண்ணை 1-லிருந்து 10 ஹெர்ட்ஸுக்கு உயர்த்தினால் எபாக்ஸியில் உச்சி ஆறேழு டிகிரி மேலே போகும், ஏனென்றால் வேகமாக வளைத்தால் சங்கிலிகளுக்கு அசைய அவகாசம் குறைவு. தடித்த பட்டையை வேகமாகச் சூடாக்கினாலும் எண் கூடும். அங்கே வெப்பமானி காற்றின் சூட்டைப் படிக்கிறது, பட்டையின் நடுப்பகுதி இன்னும் பின்தங்கியிருக்கிறது.

தகராறுக்கு வருகிறேன். ரெசின் சரியாக வேகவில்லையோ என்ற சந்தேகம் எனக்கும் இருந்தது. அதனால் அதே பட்டையை ஆறவிட்டு இரண்டாம் முறை ஓட்டினேன். வேகாத ரெசின் என்றால் முதல் ஓட்டத்தின் சூட்டிலேயே கொஞ்சம் வெந்து, அடுத்ததில் Tg தெளிவாக ஏறியிருக்கும். வந்தது 122. ஆக, செய்தவர் மேல் தவறில்லை. பிறகுதான் வரைபடத்தின் 130 எங்கிருந்து வந்தது என்று தேடினோம். ரெசின் விற்பவரின் தரவுத்தாளிலிருந்து எடுத்திருந்தார்கள். தாளின் அடிக்குறிப்பில் ‘டான் டெல்டா உச்சி’ என்று இருந்தது. ஓர் அளவுகோலால் எழுதிய வரம்பை, இன்னோர் அளவுகோலால் சோதித்திருக்கிறார்கள்.

அதோடு முடியவில்லை. பாகம் வேலை செய்யும் சூடு 70 டிகிரி. 121-க்கு அது வெகு தூரம் என்று எல்லோரும் நிம்மதியானார்கள். எபாக்ஸி ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சினால் Tg இறங்கும் என்பதால், ஈரமேற்றிய பட்டையையும் ஓட்டிப் பார்க்கச் சொன்னேன். 70 டிகிரி, 85 விழுக்காடு ஈரப்பதத்தில் எடை ஏறுவது நிற்கும்வரை வாரக்கணக்கில் வைத்து எடுத்தோம். E′ சரியத் தொடங்கியது 102-இல். டான் டெல்டாவில் மட்டும் இரண்டு திமில்கள் தெரிந்தன. ஓட்டத்தின்போதே ஈரம் ஆவியாகி, பட்டையின் ஒரு பகுதி காய்ந்துவிட்டதன் அடையாளம் அது. உலர்ந்த பகுதியின் உச்சியை யாராவது Tg என்று படித்திருந்தால் ஈரத்தால் எந்தப் பாதிப்பும் இல்லை என்றே எழுதியிருப்பார்கள்.

காம்போசிட் துறையின் கையேடான CMH-17-இல் ஒரு வழக்கம் உண்டு: ஈரமான Tg-யிலிருந்து 28 டிகிரியைக் கழித்து வருவதைப் பயன்பாட்டு வரம்பாகக் கொள்வது. 102-இல் 28 போனால் 74. அந்தப் பாகத்துக்கு உண்மையில் இருந்த இடைவெளி நான்கு டிகிரிதான்.

உங்கள் கூடத்திடம் அறிக்கைத் தாளை மட்டும் வாங்காமல் E′, E″, டான் டெல்டா மூன்றும் உள்ள தரவுக் கோப்பையே கேட்டு வாங்குங்கள். E′ சரியத் தொடங்கும் இடத்தைப் படித்துப் பாருங்கள், டிஎஸ்சியின் 123-க்கு அருகில்தான் இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன். அருகில் இல்லையென்றால் அதிர்வெண், சூடேற்றிய வேகம், பட்டையின் தடிமன் மூன்றையும் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.