விருந்தினரிடம் எவ்வளவு நேரம் கேட்கிறோம்? நேர்காணல் அழைப்பு குறித்த கேள்வி பதில்

இதழ் நேர்காணல்களையும் பாட்காஸ்ட் பதிவுகளையும் பல ஆண்டுகளாக ஒருங்கிணைத்து வருபவன் என்ற முறையில், வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கோவையிலிருந்து, புதிதாகப் பாட்காஸ்ட் தொடங்கியவர்: எங்கள் நிகழ்ச்சி அரை மணி நேரம்தான். அழைப்பிலும் அப்படித்தான் எழுதுகிறேன். ஆனாலும் வருகிறவர்கள் பாதியிலேயே கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்களே, ஏன்?

நீங்கள் எழுதுவது கேட்பவர் செலவிடும் நேரம். விருந்தினருக்குத் தெரிய வேண்டியது அவர் செலவிடப்போகும் நேரம். முப்பது நிமிடம் வெளியிட வேண்டுமென்றால் எனக்கு ஐம்பது நிமிடப் பேச்சாவது தேவைப்படுகிறது. அதற்கு முன் மின்விசிறியை நிறுத்தி, மைக்கைச் சரிசெய்து, குரலின் அளவைப் பார்க்கக் கால் மணி நேரம் ஆகிறது. முடிந்த பிறகு பெயர், ஊர், பதவி ஆகியவற்றை எழுத்துப் பிழையின்றிக் குறித்துக்கொண்டு, ஒரு புகைப்படமும் எடுக்கப் பத்து நிமிடம் போகிறது. ஆகவே, "மாலை 4 மணி முதல் 5.15 வரை உங்கள் நேரம் வேண்டும், அதில் பதிவு 50 நிமிடம், வெளியாவது சுமார் 30 நிமிடம்" என்று மூன்றையும் எழுதுங்கள். முடியும் நேரத்தை எழுதுவது தொடங்கும் நேரத்தை எழுதுவதைவிட முக்கியம். ஒரு மருத்துவருக்கு நான் "ஒரு மணி நேரம்" என்று மட்டும் எழுதியிருந்தேன். சாதனங்களைச் சரிசெய்வதிலேயே இருபது நிமிடம் போனது. ஆறு மணிக்கு நோயாளிகள் காத்திருந்ததால் அவர் எழுந்துவிட்டார். எதற்காக அவரை அழைத்தேனோ அந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை.

மதுரையிலிருந்து, சிற்றிதழ் ஆசிரியர் குழுவில் இருப்பவர்: கேள்விகளை முன்பே கொடுத்தால் விருந்தினர் மனப்பாடம் செய்து ஒப்பிப்பார். அதனால் தலைப்பைக்கூடச் சொல்லாமல் அழைப்பதுதான் இயல்பான பேச்சைத் தரும் என்பது என் கருத்து. சரிதானே?

முதல் பாதி பெரும்பாலும் சரி, இரண்டாவது பாதி சரியில்லை. கேள்விகளை வரி வரியாக அனுப்பினால் எழுதி வைத்துப் படிக்கிறவர்கள் உண்டு. ஆனால் தலைப்பே தெரியாமல் வருகிறவர் எங்கும் சொல்லக்கூடிய பொதுவான செய்திகளைத்தான் சொல்வார். ஏனென்றால் நினைவைக் கிளறிப் பார்க்க அவருக்கு அவகாசம் இல்லை.

சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய் ஒன்றில் நீர்க்கட்டியாக இருந்து, மடை திறந்து வயல்களுக்கு முறை வைத்துத் தண்ணீர் விட்ட பெரியவர் ஒருவரை இதழுக்காக அழைத்தோம். முதல் அழைப்பில், "நீர் மேலாண்மை குறித்து உங்கள் அனுபவங்களைப் பகிர வேண்டும்" என்று எழுதி, கார்த்திகையில் ஒரு நாளைக் குறித்திருந்தோம். அவர் மறுத்துவிட்டார். கார்த்திகையில் கண்மாயை விட்டு அவரால் நகர முடியாது என்பதும், "நீர் மேலாண்மை" என்றால் அதிகாரிகள் பேசும் விஷயம் என்று அவர் எண்ணியதும் பிறகுதான் தெரிந்தன. அறுவடை முடிந்தபின் மறுபடியும் இப்படி எழுதினோம்:

"வணக்கம் ஐயா. பிப்ரவரி 22, ஞாயிறு காலை 8 மணிக்கு நாங்கள் இருவர் உங்கள் கண்மாய்க்கரைக்கே வருகிறோம். 10 மணிக்குக் கிளம்பிவிடுவோம். உங்கள் பேச்சை ஒலியாக மட்டும் பதிவு செய்து, இதழில் ஆறு பக்கக் கேள்வி பதிலாக அச்சிடுவோம். வீடியோ எடுக்க மாட்டோம். மூன்று விஷயங்களைக் கேட்க நினைக்கிறோம்: தண்ணீர் குறைந்த ஆண்டில் எந்த வயலுக்கு முதலில் விடுவது என்று எப்படி முடிவு செய்தீர்கள், கலுங்கு வழியும் இரவில் என்ன செய்வீர்கள், உங்களுக்கு நெல்லாகக் கிடைத்த கூலி எப்போது, ஏன் மாறியது. ஊர் வழக்குகள் பற்றிக் கேட்க மாட்டோம்."

அவருக்கு வாட்ஸ்அப் படிக்கும் பழக்கம் இல்லை என்பதால் மகனுக்கு அனுப்பி, தொலைபேசியிலும் நானே வாசித்துக் காட்டினேன். கடைசி வாக்கியத்தைக் கேட்ட பிறகுதான் சம்மதித்தார். இரண்டு குடும்பங்களுக்கு இடையே பங்கீட்டுத் தகராறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதில் தன்னைச் சாட்சியாக்கிவிடுவோமோ என்று அஞ்சியிருக்கிறார். கேட்கப்போவதைப் போலவே கேட்கமாட்டாததையும் எழுத வேண்டும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன். கூலி பற்றிய கேள்விக்காக அவர் ஒரு பழைய கணக்கு நோட்டைத் தேடி எடுத்து வைத்திருந்தார். தலைப்பைச் சொல்லாமல் போயிருந்தால் அந்த நோட்டு பரணிலேயே கிடந்திருக்கும்.

திருநெல்வேலியிலிருந்து, அரசுத் துறை ஊழியர்: என்னை ஒரு பாட்காஸ்டுக்கு அழைத்திருக்கிறார்கள். "உங்கள் பணி அனுபவங்கள்" என்று மட்டும் இருக்கிறது. நான் போகலாமா, கூடாதா?

அழைப்பவர்களுக்காக எழுதும் பகுதி இது என்றாலும், அழைப்பு தெளிவில்லாமல் போனால் மறுபக்கம் என்ன ஆகிறது என்பதை உங்கள் கேள்வி காட்டுகிறது. பணியில் இருப்பவர் ஊடகத்தில் பேசுவதற்கு நடத்தை விதிகள் உண்டு. நீங்கள் முன் அனுமதி பெற வேண்டுமா என்பது உங்களுக்குப் பொருந்தும் விதியையும், பேசப்போகும் பொருளையும் பொறுத்தது. அதை உங்கள் அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும். ஆனால் "அனுபவங்கள்" என்ற ஒற்றைச் சொல்லை வைத்து எந்த மேலதிகாரியும் அனுமதி தரமாட்டார். எந்தத் தலைப்புகள், எங்கே வெளியாகும், உங்கள் பதவி குறிப்பிடப்படுமா என்று எழுத்தில் கேளுங்கள். அவர்கள் பதில் தரத் தயங்கினால் மறுத்துவிடுவது நல்லது.

டொராண்டோவிலிருந்து, ஒருமுறை விருந்தினராகப் பேசியவர்: "ஞாயிறு மாலை 7 மணி" என்று அழைத்தார்கள். எந்த ஊர் 7 மணி என்று இல்லை. இணைந்த பிறகுதான் கேமராவை இயக்கச் சொன்னார்கள். இது வழக்கமா?

வழக்கமாகிவிட்டது என்பதுதான் வருத்தம். சென்னையில் மாலை 7 மணி என்றால் உங்கள் ஊரில் கோடையில் காலை 9.30, நவம்பர் தொடக்கத்தில் அங்கே கடிகாரத்தைத் திருப்பி வைத்த பிறகு காலை 8.30. ஆகவே இரண்டு ஊர் நேரங்களையும் அழைப்பிலேயே எழுத வேண்டும். தேதி கடிகாரம் மாறும் வாரத்தை ஒட்டி விழுந்தால் முதல் நாள் மறுபடியும் சரிபார்க்க வேண்டும். ஒலியா வீடியோவா, நேரலையா பதிவா என்பவற்றை அழைப்பில் சொல்லாமல் விடக்கூடாது. பதிவு என்றால் தடுமாறிய வாக்கியத்தை மீண்டும் சொல்லலாம், நேரலையில் அது முடியாது. அதைத் தெரிந்துகொண்டு ஒப்புக்கொள்வது விருந்தினரின் உரிமை.

சென்னையிலிருந்து, ஒலிப்பதிவாளர்: ஆயத்தத்துக்குக் கால் மணி நேரம் என்கிறீர்கள். நேரில் வருகிறவருக்குச் சரி. தொலைவிலிருந்து பேசுகிறவரின் ஹெட்செட், இணைய வேகம், அறையின் எதிரொலி எல்லாவற்றையும் அதற்குள் பார்க்க முடியாது. முந்தைய நாளே தனியாகப் பத்து நிமிடம் சோதித்துவிட வேண்டும்.

நீங்கள் சொல்வது சரி. என் கணக்கு நேரில் நடக்கும் பதிவுக்கானது. அந்தச் சோதனையையும் ஒரு தனி நேரமாக அழைப்பிலேயே குறிப்பிட வேண்டும் என்பதை மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஒப்புக்கொண்ட பிறகு "நாளை ஒரு சின்ன டெஸ்ட்" என்று கேட்பது, சொல்லாத நேரத்தை எடுத்துக்கொள்வதாகிவிடும்.

தஞ்சாவூரிலிருந்து, கல்லூரி இதழ் ஆசிரியர்: அச்சாகும் முன் பார்க்க வேண்டும் என்று விருந்தினர் கேட்டால் என்ன செய்வது?

அழைப்பிலேயே பதில் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. பதில் என்னவாக இருக்க வேண்டும் என்பதில் இன்னும் தெளிவில்லை. நான் எழுதுவது இது: "எழுதி முடித்த வடிவத்தை உங்களுக்கு அனுப்புவோம், பெயர், ஆண்டு, தகவல் பிழைகளை மூன்று நாட்களுக்குள் திருத்தித் தரலாம், சொன்ன கருத்தை நீக்குவது குறித்துப் பேசி முடிவு செய்வோம்." என் நண்பர்களில் சிலர் காட்டவே கூடாது என்கிறார்கள், பதவியில் இருப்பவரின் பேட்டியென்றால் நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் அந்த நீர்க்கட்டிப் பெரியவருக்கு முழுவதையும் வாசித்துக் காட்டினேன். ஒரு வயலின் பெயரை மட்டும் எடுக்கச் சொன்னார். எடுத்துவிட்டேன்.