நாடா சொல்வதும் சொல்லாததும்: மேற்கைச் சுற்றளவு குறித்த கேள்வி பதில்

ஒரே குழந்தை, ஒரே காலை. நான் அளந்தால் 116 மி.மீ., தோழி அளந்தால் 112. யார் அளந்தது சரி?

நாடாவை எங்கே, எப்படிச் சுற்றினீர்கள் என்பதில்தான் விடை இருக்கிறது. 115க்குக் கீழே போனால் கடும் ஊட்டக்குறைவு, 115 முதல் 124 வரை மிதமானது. ஆகவே அந்த நான்கு மில்லிமீட்டரால் சிகிச்சையே மாறிவிடும்.

இடது முழங்கையை மடக்கி, தோள் எலும்பின் நுனியிலிருந்து முழங்கை நுனி வரை அளந்து, சரிபாதியில் குறியிடுங்கள். பிறகு கையைத் தொங்கவிட்டு நாடாவைச் சுற்றுங்கள். இப்படிச் சுற்றியும் ஒருமுறை ஒரு பதினோரு மாதப் பெண் குழந்தைக்கு எனக்கும் 112 வந்தது. அழுகையில் கை விறைத்திருந்தது. நாடாவின் ஓரத்தில் தோல் பிதுங்கி நின்றது. தாய் மடியில் அமர்த்தி, அழுகை ஓய்ந்தபின் இருமுறை அளந்தேன். இரண்டு முறையும் 116. தோல் பிதுங்கினால் இறுக்கம் அதிகம். இடையில் வெளிச்சம் தெரிந்தால் தளர்வு.

அளந்து முடித்ததும் இரு பாதங்களையும் கட்டைவிரலால் மூன்று விநாடி அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்தபின் இரண்டிலும் குழி அப்படியே நின்றால் அது வீக்கம், கடும் ஊட்டக்குறைவின் அடையாளம். இதை விட்டுவிடாதீர்கள்.

ஒரு குழந்தைக்கு எடை-உயர அட்டவணையில் கடும் நிலை, நாடாவிலோ 127. அப்படியானால் நாடா பயனற்றதுதானே?

பாதி சரி. நாடா மட்டும் இருந்தால் அந்தக் குழந்தை கண்ணில் படாமல் போகும். ஆனால் அட்டவணை மட்டும் இருந்தாலும் வேறு சில குழந்தைகள் விடுபட்டுப்போவார்கள். இரண்டும் பிடிப்பது ஒரே குழந்தைகளை அல்ல. நாடா வயதில் சிறியவர்களையும் குட்டையானவர்களையும் அதிகம் பிடிக்கிறது. 127 காட்டிய குழந்தையைச் சிகிச்சைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அப்படியென்றால் நாடாவை மட்டும் நம்பும் முகாம்கள் தவறு செய்கின்றன என்று ஒப்புக்கொள்கிறீர்களா?

தவறு என்று சொல்ல மாட்டேன். தராசும் உயரப் பலகையும் போகாத வீட்டுக்கு நாடா போகிறது, தாயே அளக்கிறாள். இறப்பு அபாயம் மிகுந்த குழந்தைகளை அது நன்றாகவே காட்டுகிறது. ஆனால் அட்டவணையில் மட்டும் தெரியும் குழந்தைகளுக்கு எவ்வளவு ஆபத்து என்பதில் துறைக்குள் இன்றும் சண்டை நடக்கிறது. உங்கள் கவலையில் நியாயம் உண்டு.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: கையளவை வைத்துச் சேர்த்த குழந்தையைக் கையளவை வைத்தே வெளியே அனுப்ப வேண்டும். தொடர்ந்து இரு வருகைகளில் 125 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும், வீக்கமும் இருக்கக் கூடாது.

எனக்கு வயது 34, கை 24 செ.மீ. எனக்கும் ஊட்டக்குறைவா?

குழந்தைகளின் வரம்பை உங்கள் கைக்குப் பொருத்தாதீர்கள். பெரியவர்களுக்கு எல்லோரும் ஏற்ற ஒரே வரம்பு இல்லை. கர்ப்பிணிகளுக்கு 21 முதல் 23 செ.மீ. வரை வெவ்வேறு திட்டங்கள் வெவ்வேறு எல்லை வைக்கின்றன. காரணமின்றி எடை குறைந்து வருகிறதா என்பதைப் பாருங்கள்.

நான்கு மாதக் குழந்தைக்கும் 115தானா?

இல்லை, அது ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள். ஆறு வாரம் முதல் ஆறு மாதம் வரை, உலக சுகாதார நிறுவனத்தின் 2023 வழிகாட்டுதலில் 110.

வலது கையில் அளக்கலாமா?

மீண்டும் சொல்கிறேன்: இடது கை.

128 வந்தது, நாடாவில் பச்சைப் பகுதி. பாதங்களை அழுத்தியபோது இரண்டிலும் குழி அப்படியே நின்றது. அடுத்த வாரம் மீண்டும் அளக்கட்டுமா?

வேண்டாம். அது கடும் ஊட்டக்குறைவு, 128 என்ற எண்ணுக்கு இங்கே வேலையில்லை. இன்றே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.