இன்பாக்ஸுக்கு வழிகாட்ட ஒரு கமென்ட்

கேள்வி: பத்து வருடத்துக்கு முந்தைய எங்கள் ஹாஸ்டல் படங்களை என் தோழி ஃபேஸ்புக்கில் போட்டு என்னை டேக் செய்திருக்கிறாள். ஒரு படத்தில் தலை நிறைய எண்ணெய், பழைய நைட்டி, வாயைப் பிளந்த சிரிப்பு. ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவர்கள் அதற்கு லைக் போடுகிறார்கள். அவள் போன் நம்பர் என்னிடம் இல்லை. மெசஞ்சரில் எழுதினேன், அவள் இன்னும் பார்க்கவில்லை. அவள் மனம் நோகாமல் கமென்ட்டில் எப்படிக் கேட்பது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருச்சி

பதில்: சகோதரி, கமென்ட் எழுதுவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தப் பதிவு உங்கள் ஆபீஸ் ஆட்கள் கண்ணில் பட்டதற்குப் பெரும்பாலும் காரணம் டேக்தான். உங்கள் பெயரைச் சேர்த்ததால் அது உங்கள் நண்பர்கள் பக்கமும் போயிருக்கும். டேக்கை எடுக்க யார் அனுமதியும் வேண்டாம். பதிவின் ஓரத்தில் உள்ள மூன்று புள்ளிகளைத் தட்டினால் Remove tag என்று வரும். படத்தின் மேலேயே தனியாக டேக் செய்திருந்தால், அந்தப் படத்தைத் திறந்து அங்கேயும் இதையே செய்யுங்கள். இதைச் செய்ததும் படம் உங்கள் பக்கத்தை விட்டுப் போய்விடும். ஆனால் அவள் பக்கத்தில் இருக்கும்.

அதோடு விட்டுவிடலாமா என்று ஒரு நாள் யோசித்துப் பாருங்கள். அந்தப் படத்தில் மற்ற தோழிகளும் இருந்தால், அவர்களுக்கு அது ஆசையான நினைவாக இருக்கலாம். நானாக இருந்தால் டேக்கை எடுத்ததோடு நிறுத்திக்கொள்வேன். ஆனால் கூசுவது உங்களுக்கு. படமே இருக்கக் கூடாது என்று தோன்றினால் தயங்காமல் கேளுங்கள்.

கமென்ட்டில் ஒரு சிக்கல் உண்டு. நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியும் பழைய பதிவை மறுபடி மேலே கொண்டுவரக்கூடும், ஏற்கெனவே கமென்ட் போட்டவர்களுக்கு அறிவிப்பும் போகலாம். "ஐயோ, மானம் போகுது, டெலீட் பண்ணுடி" என்று சிரிப்புப் பொம்மையோடு எழுதினால் எல்லோரும் விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டு, இன்னும் நாலு பேர் கிண்டல் செய்ய வந்துவிடுவார்கள். "யாரைக் கேட்டுப் போட்ட?" என்று எழுதினாலோ அத்தனை பேர் முன்னால் அவள் பதில் சொல்ல வேண்டிவரும், ரோஷத்தில் எடுக்காமலே விடுவாள். அதனால் கமென்ட்டில் படத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அவளை இன்பாக்ஸுக்கு அழைத்தால் போதும்:

"அந்த நாளெல்லாம் ஞாபகம் வருதுடி. உனக்கு ஒரு மெசேஜ் அனுப்பியிருக்கேன், கொஞ்சம் பாரேன்."

விஷயம் முழுவதும் இன்பாக்ஸில் இருக்கட்டும்:

"ஹாஸ்டல் படங்களை இத்தனை வருஷம் வெச்சிருந்தியே, ரொம்ப சந்தோஷம்டி. நான் நைட்டியில இருக்கற படத்தை மட்டும் எடுத்துடறியா? ஆபீஸ்ல எல்லாரும் பார்க்கறாங்க, கூச்சமா இருக்கு. மத்த படமெல்லாம் இருக்கட்டும்."

எந்தப் படம் என்று தெளிவாகச் சொல்வது முக்கியம். மொத்தப் பதிவையும் அழிக்கச் சொல்கிறீர்கள் என்று நினைத்தால், அத்தனை லைக்கும் கமென்ட்டும் போய்விடுமே என்று அவள் தயங்குவாள். அதற்கு அவசியமில்லை. Edit post போய் அந்த ஒரு படத்தை மட்டும் நீக்கலாம், பதிவு அப்படியே இருக்கும். இது பலருக்குத் தெரியாது, நீங்களே சொல்லிக்கொடுங்கள். அதற்கும் மனமில்லை என்றால், பதிவை யார் யார் பார்க்கலாம் என்பதை மாற்றி, ஹாஸ்டல் தோழிகளுக்கு மட்டும் தெரியும்படி வைக்கச் சொல்லலாம்.

இரண்டு மூன்று நாளாகியும் அவள் இன்பாக்ஸைத் திறக்கவில்லை என்றால் கமென்ட்டிலேயே நேராகக் கேட்டுவிடுங்கள். "இதுல என்னோட நைட்டி படத்தை மட்டும் எடுத்துடுடி, ப்ளீஸ். அதுக்குப் பதிலா நம்ம எல்லாரும் இருக்கற வேற படம் அனுப்பறேன்." இவ்வளவு போதும். காரணம் சொல்ல வேண்டாம், சிரிப்புப் பொம்மையும் வேண்டாம். வேறு யாராவது "நல்லாத்தானே இருக்கு" என்று வந்தால் பதில் எழுதாதீர்கள். அவள் படத்தை எடுத்ததும் இன்பாக்ஸில் நன்றி சொல்லிவிட்டு, உங்கள் கமென்ட்டையும் அழித்துவிடுங்கள்.

அவள் எடுத்துவிட்டால், அந்தப் பதிவை ஷேர் செய்தவர்கள் பக்கத்திலும் அந்தப் படம் தெரியாது. யாராவது ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தால் அதை அவளாலும் ஒன்றும் செய்ய முடியாது. அவள் மறுத்தால் ஃபேஸ்புக்கிடம் புகார் செய்தும் பெரிதாகப் பலன் இராது. வெறும் கூச்சத்துக்காக இப்படிப்பட்ட படங்களை அவர்கள் பொதுவாக நீக்குவதில்லை. ஒரு தடவை போனில் பேசிப் பார்க்கலாம். அவள் நம்பர் மற்ற ஹாஸ்டல் தோழிகள் யாரிடமாவது இருக்கும்.

இன்னொன்று. செட்டிங்ஸில் டேக் சம்பந்தப்பட்ட பகுதியில், உங்களை டேக் செய்யும் பதிவுகள் உங்கள் பக்கத்தில் வருமுன் உங்களிடம் கேட்கும்படி வைக்க ஒரு வசதி உண்டு. அதை இன்றே போட்டுவையுங்கள். போட்டவர் பக்கத்தில் அந்தப் பதிவு தெரிவதை அது தடுக்காது, உங்கள் பக்கத்துக்கு வருவதை மட்டும்தான் நிறுத்திவைக்கும்.