கணுக்கால் சுளுக்கு: எக்ஸ்ரே எப்போது தேவை?

"அம்மாவுக்கு 48 வயது. நேற்று மாலை மாடிப்படியில் கடைசிப் படியைத் தவறவிட்டதில் இடது பாதம் உள்பக்கமாக மடங்கிவிட்டது. கணுக்கால் வீங்கிக் கருநீலமாக இருக்கிறது. நொண்டியபடி நடக்கிறார். நடக்க முடிவதால் எலும்பு முறிந்திருக்காது, எண்ணெய் போட்டு நீவினால் சரியாகிவிடும் என்கிறார் பாட்டி. எக்ஸ்ரே எடுக்க வேண்டுமா?"

நீவ வேண்டாம். உள்ளே கிழிந்த நாரிலிருந்து ரத்தம் கசியும் நேரத்தில் தேய்த்தால் வீக்கம் கூடும். வெந்நீர் ஒத்தடமும் முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு ஆகாது.

வீக்கத்தையும் நிறத்தையும் வைத்து முறிவைக் கண்டுபிடிக்க முடியாது. வெறும் சுளுக்கிலும் கால் கருத்துப்போகும். நடக்க முடிவது நல்ல அறிகுறிதான், ஆனால் அது மட்டும் போதாது. கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் 1992இல் வெளியிட்ட ஒரு விதிமுறையைத்தான் இன்றும் அவசரப் பிரிவுகளில் பின்பற்றுகிறோம். அதை வீட்டிலும் ஓரளவு செய்து பார்க்கலாம்.

கணுக்காலின் வெளிப்புறம் துருத்தி நிற்கும் எலும்பின் நுனியை ஒரு விரலால் அழுத்துங்கள். அங்கிருந்து அதன் பின்விளிம்பு வழியாக மேலே 6 செ.மீ. வரை அழுத்திக்கொண்டே செல்லுங்கள். உள்பக்க எலும்பிலும் அப்படியே. பிறகு பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டு விரலுக்கும் குதிகாலுக்கும் நடுவே தட்டுப்படும் மேடு. பாதம் மடங்கும்போது இது முறிவதை வீட்டில் பலரும் கவனிப்பதில்லை. கடைசியாக, உள்பக்கக் கணுவுக்குச் சற்று முன்னால் உள்ள எலும்பு. இவற்றில் ஓரிடத்தில் எலும்பின் மேலேயே வலித்தாலும் எக்ஸ்ரே எடுங்கள். விழுந்த உடனேயும் சரி, இப்போதும் சரி, நான்கு அடி வைக்க முடியாவிட்டாலும் எடுக்க வேண்டும். நொண்டி வைத்த அடியும் கணக்கில் சேரும். வெளிக் கணுவுக்கு முன்னும் கீழும் உள்ள மெத்தென்ற இடத்தில் மட்டும் வலி என்றால் பெரும்பாலும் சுளுக்குதான்.

அம்மாவுக்கு நீண்டகாலச் சர்க்கரை நோயால் பாதம் மரத்திருந்தால் இந்தச் சோதனையை நம்பாதீர்கள், நேராக எக்ஸ்ரேதான். பாதம் கோணியிருந்தாலோ, விரல்கள் சில்லிட்டு வெளிறினாலோ, எலும்பு வெளியே தெரிந்தாலோ நிமிர்த்த முயலாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

சுளுக்குதான் என்றால், ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி 15 முதல் 20 நிமிடம் வையுங்கள். முதல் இரண்டு நாட்கள் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இப்படிச் செய்யலாம். கிரேப் பேண்டேஜை விரல்களின் அடியில் தொடங்கிக் கணுவுக்கு மேல் வரை சுற்றுங்கள். விரல் மரத்தாலோ நீலமானாலோ கட்டு இறுக்கம் என்று பொருள். அவிழ்த்துத் தளர்வாகச் சுற்றுங்கள். இரவில் கழற்றிவிடலாம். படுக்கும்போது தலையணைகளை அடுக்கிக் காலை நெஞ்சை விட உயரத்தில் வையுங்கள்.

வாரக்கணக்கில் கட்டிலோடு கிடந்தால் மூட்டு இறுகிவிடும். வலி தாங்கும் அளவுக்கு வந்ததும், காலைத் தொங்கவிட்டுக் கட்டைவிரலால் காற்றில் 'அ' முதல் 'ஔ' வரை எழுதச் சொல்லுங்கள். ஒரு வாரத்தில் ஊன்றி நடப்பது எளிதாகவில்லை என்றால், முதல் நாள் சோதனை எப்படி இருந்தாலும் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.